திரைப்பாட்டும் பிள்ளையின் கையும்

பிள்ளைகளுக்கான ரைம்ஸ் வீடியோவுக்கு எழுத்தாளன் என்றொருவன் அவசியமில்லை, கண்ணைப் பறிக்கும் வர்ணமும் துள்ளலான மெட்டும் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லும் துணிவும் இருந்தால் போதும் என்றொரு அபிப்பிராயம் அண்மையில் வெகுவாகப் பரவியிருக்கிறது. பார்வைக் கணக்கைச் சான்றாகக் காட்டி இதைச் சொல்பவர்கள், குழந்தை பார்த்துக்கொண்டிருப்பதையும் குழந்தை கூடப் பாடுவதையும் ஒன்றெனக் கருதிவிட்டார்கள்.

நம்முடைய கைவீசும் பாட்டையும் சாய்ந்தாடும் பாட்டையும் எழுதியவர் யாரென்று எவருக்கும் தெரியாது. ஆனால் சொல்லே செயலை ஏவும்படியும், செயல் முடிவதற்கும் அடுத்த சொல் பிறப்பதற்கும் இடையே மடியிலிருக்கும் பிள்ளைக்கு அவகாசம் கிடைக்கும்படியும் அவற்றை அமைத்த கை தேர்ந்த கைதான். பாரதி 1915-இல் பாப்பாப் பாட்டைத் தந்தபோது விளையாட்டில் தொடங்கி அறவுரைக்குப் போனான். கவிமணியிடம் இனிமை மிகுந்தது. அழ. வள்ளியப்பா (1922–1989) சந்தத்தைக் குழந்தை நாவுக்கு இசைய வைத்த உபகாரி. எனினும் அச்சேறிய பாட்டு ஒப்பிப்பதற்குரியதாகி, பிள்ளையின் கைகால்கள் மெல்ல மெல்லக் கட்டுரை கேட்பவன் போல அடங்கிவிட்டன என்பதே என் குறை.

சென்னையில் 2013-இல் தொடங்கிய சூசூ டிவி உலகப் பிரசித்தி பெற்ற பின், எண்ணற்ற சில்லறைச் சிருஷ்டிகள் அதன் வெற்றியைப் பார்த்துப் புறப்பட்டன. பெரும்பாலானவற்றில் சொல் எதைச் சொன்னாலும் பொம்மைகள் ஒரே இடுப்பாட்டத்தை ஆடுகின்றன. கை தட்டவேண்டிய கணத்தில் படச்சட்டம் முகத்துக்குத் தாவிவிடுகிறது. வரிக்கு வரி புதுக் காட்சி வருவதால் அடுத்து வருவதை ஊகிக்கும் இன்பம் பிள்ளைக்குக் கிட்டுவதேயில்லை. இது மறுபடி கூறலே அன்று, இரைச்சல்.

அமெரிக்காவில் 1996-இல் தொடங்கிய ‘ப்ளூஸ் க்ளூஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடர், கேள்வி கேட்டபின் விடைக்காகத் திரையிலிருப்பவர் மௌனமாய்க் காத்திருக்கும் முறையை வகுத்து, ஒரே அத்தியாயத்தை ஐந்து நாள் தொடர்ந்து ஒளிபரப்பியது. அதை ஆராய்ந்தவர்கள் கண்டது, திரும்பப் பார்க்கப் பார்க்கப் பிள்ளைகள் சலித்து ஓயாமல், வாய்திறந்து விடைசொல்வதும் கைகாட்டுவதும் அதிகமாயிற்று என்பதே. நம் பாட்டிமார் செய்ததும் அதுதானே!

ஒரு பிரதியை எழுதியே பார்ப்போம்.

பாட்டி பாட்டி என்ன பண்றீங்க?
அரிசி களையறேன், சலக் சலக் சலக்!
நானும் வரட்டா, கத்துத் தாங்க?
சலக் சலக் சலக், சலக் சலக் சலக்!

அடுத்த சரணங்களில் இரண்டாம் வரியும் ஒலிச்சொல்லும் மட்டுமே மாறும்: மாவு பிசைதல், பாலை ஆற்றுதல், கடைசியில் பாட்டி அலுத்துத் தூங்குதல். உள்ளங்கையைத் தேய்த்தும், முஷ்டியை அழுத்தியும், ஒரு கையை உயர்த்தி மறுகையைத் தாழ்த்தியும் இரண்டு வயதுப் பிள்ளை இவற்றை உட்கார்ந்தபடியே செய்யலாம். வரிக்கு நான்கு தட்டாக, நிமிஷத்துக்கு 96 தட்டு வேகத்தில் ஒரு சரணம் பத்து விநாடி. நான்கு சரணமும் இருமுறை பாடினால் 80 விநாடி. அதே சமையலறை, அதே ஜன்னல், மூலையில் அதே பூனை. மாறுவது பாட்டியின் கையிலுள்ள பாத்திரம் ஒன்றே. ஒலிச்சொல் வரும்போது இரு கைகளும் முழுமையாகத் தெரியவேண்டும், காட்சி வெட்டப்படக் கூடாது. முதல்முறை பாடகி ஒலிச்சொல்லைப் பாடுவாள். மறுமுறை தாளம் மட்டும் ஒலிக்க, பாட்டி கையசைத்தபடி நம்மைப் பார்த்துக் காத்திருப்பாள். அந்த வெற்றிடத்தைப் பிரதியிலேயே எழுதி வைக்காவிட்டால், இசையமைப்பாளர் அங்கே ஒரு குழலை நுழைத்துவிடுவார்; அது அவர் சுபாவம்.

பிரதியின் குறையைக் கண்டுபிடிக்க, மூன்று பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினால் போதும். வாய் திறந்திருக்கக் கை அசையாமலிருந்தால் காட்சி வேகமாக ஓடுகிறது என்று பொருள். கை எழும்பி, சொல்லுக்குப் பிந்தினால் தாளத்தைத் தளர்த்தவேண்டும். ஒலிச்சொல்லை மட்டும் சொல்லி முதல் வரியை விழுங்கினால் வரி நீளம். நான்காவது முறையும் பார்த்து முடிந்தபின் திரையை அணைத்துவிட்டு முதல் வரியைக் கேள்வியாகப் பெரியவர் கேட்க, பிள்ளை விடையைப் பாடினால் பிரதி தேறியது. இத்தனைக்கும் ஓர் எல்லை உண்டு: ஒன்றரை வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திரையே வேண்டாமென்று, வீடியோ அழைப்பை மட்டும் விலக்கிவைத்து, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016-இல் கூறியது; அந்த வயதுக்கு மடியும் வாய்ப்பாட்டும்தான்.

ஆகவே, படம் எடுப்போருக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த பாட்டுக்கு ஓவியரை அழைக்குமுன், எழுதுகிறவரை ஒரு பால்வாடியில் ஒரு பகல் உட்காரவையுங்கள், அவருக்குக் கூலியும் கொடுங்கள்.