சக்கரமே அளவுகோல்: வண்டிப் படம் வரையும் மரபுகளும் அவற்றின் அளவுகளும்

நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் பல்லேகமவில் கார் வடிவமைக்கும் கூடம் எதுவும் கிடையாது. ஆனால் வண்டிகளுக்குக் குறைவில்லை. மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, உழவு இயந்திரம், கடை வாசலில் நிறுத்தியிருக்கும் சுசுகி ஆல்ட்டோ என்று எது கிடைத்தாலும் கைபேசியில் படமெடுத்து, அதை வைத்துத் துப்புரவான கோட்டுப்படம் வரையப் பார்க்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய படங்களில் நான் திரும்பத் திரும்பக் காணும் குறை கோட்டில் இல்லை. கோடு நன்றாகவே வருகிறது, வண்டிதான் வேறு வண்டியாகிவிடுகிறது. அதனால் இந்தக் கலையின் பள்ளிகளைப் பற்றிச் சொல்லும்போது அளவைத்தான் முன்னால் வைக்கப்போகிறேன்.

இந்தக் கலைக்கு முதல் ஊர் இத்தாலியின் தூரின். அங்கே வண்டியின் பக்கத் தோற்றம்தான் மூலப் படம். கட்டம் போட்ட தாளில் பக்கம், முன், பின், மேல் என நான்கு தோற்றங்களையும் வரைவார்கள். அதே கோடுகள் பிறகு முழு அளவில் சுவர் உயரப் பலகைக்குப் போகும். ஜியோர்ஜெத்தோ ஜுஜாரோ 1968இல் இட்டால்டிசைன் நிறுவனத்தைத் தொடங்கினார். 1974இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், 1980இல் வந்த ஃபியட் பாண்டா இரண்டும் அவர் கைவண்ணம். நமக்குப் பக்கத்தில் வந்து பார்த்தால், 1998இல் வெளியான டாட்டா இண்டிகாவின் உருவம் தூரினின் ஐடியா நிறுவனத்தில் பிறந்தது. இந்தப் பள்ளியின் கோட்டில் பகட்டு குறைவு. ஒரு கோட்டைக் காட்டி அது தரையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கேட்டால், வரைந்தவரிடம் பதில் இருக்கும்.

இரண்டாவது பள்ளி கலிஃபோர்னியாவுடையது. ஹாலிவுட்டுக்குக் கார் உடல் செய்துகொடுத்த ஹார்லி ஏர்ல் 1927இல் ஜெனரல் மோட்டார்ஸில் கலை, வண்ணப் பிரிவைத் தொடங்கியதிலிருந்தே, படம் என்பது மேலாளரை மயக்க வேண்டிய பொருளாயிற்று. லாஸ் ஏஞ்சலிஸில் 1930இல் தொடங்கிய ஆர்ட்சென்டர் பள்ளி இந்த வழியை வளர்த்தது. கண்மட்டம் தாழ்வாக இருக்கும், முக்கால் பக்கத் தோற்றம், பெருத்த சக்கரம், அழுந்திய கூரை. அங்கே படித்து 1959இல் வெளியேறி ஃபோர்டில் சேர்ந்த சிட் மீட், பின்னாளில் ‘பிளேட் ரன்னர்’ படத்தின் வண்டிகளை உருவாக்கியவர், இந்த வழியின் உச்சம். இன்று இணையத்தில் பயிலும் நம் பிள்ளைகள் அறிந்தோ அறியாமலோ இந்தப் பள்ளியைத்தான் பின்பற்றுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

மூன்றாவதாக ஜப்பானியரின் மோட்டார் சைக்கிள் வழி. 1955இல் வந்த யமஹாவின் முதல் வண்டியான ஒய்ஏ–1க்கு ஜிகே வடிவமைப்புக் குழு உருவம் கொடுத்தது. காரில் தகடு எல்லாவற்றையும் மூடிக்கொள்ளும், மோட்டார் சைக்கிளில் எதையும் மூட முடியாது. எஞ்சின், சட்டகம், சங்கிலி எல்லாம் வெளியே நிற்கும். அதனால் எது எதைத் தாங்குகிறது என்று தெரியாதவருக்கு அதை வரைய வராது. இந்தியாவில் என்ஐடியும் பம்பாய் ஐஐடியின் ஐடிசியும் வண்டி வடிவமைப்பைக் கற்பிக்கின்றன. நம் நாட்டில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் பட்டப்படிப்பு இருக்கிறது.

பள்ளிகள் எத்தனை இருந்தாலும் அளக்கும் அலகு ஒன்றுதான், சக்கரத்தின் விட்டம். சிற்பி முகத்தின் நீளத்தை ஒரு தாலமாகக் கொண்டு உருவம் முழுவதையும் அளப்பதுபோல, வண்டி வரைபவர் சக்கரத்தை அலகாகக் கொண்டு மற்றதை அளப்பார். முன் அச்சிலிருந்து பின் அச்சுக்கு எத்தனை சக்கரம், கூரை எத்தனை சக்கர உயரம் என்ற இரண்டும் சரியாக இருந்தால் படம் பாதி முடிந்தது.

பல்லேகமக் கடை வாசலில் நிற்கும் ஆல்ட்டோ 800ஐயே எடுத்துக்கொள்வோம். அதன் டயரின் பக்கவாட்டில் 145/80 R12 என்று எழுதியிருக்கும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 145இல் 80 சதவீதம் 116. 12 அங்குலம் 305 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இரண்டு 116ஐச் சேர்த்தால் 537 மில்லிமீட்டர் விட்டம். ஆல்ட்டோவின் அச்சிடை தூரம் 2360 மில்லிமீட்டர். வகுத்தால் 4.4 சக்கரம். உயரம் 1475, அதாவது 2.75 சக்கரம். தாளில் சக்கரத்தை 30 மில்லிமீட்டராக வரைந்தால் அச்சிடை 132, உயரம் 82, மொத்த நீளம் ஏறத்தாழ 190 மில்லிமீட்டர். ஏ4 தாளில் தாராளமாக அடங்கும்.

கலிஃபோர்னியா பாணியில் அச்சிடைக்கு மூன்று சக்கரம் என்பது பரவலான பழக்கம். அதை ஆல்ட்டோவுக்குப் போட்டால் 2360ஐ மூன்றால் வகுக்க வேண்டும், சக்கரம் 787 மில்லிமீட்டர் ஆகிவிடும். அது பெரிய ஜீப்பின் டயர். கற்பனை வண்டிக்கு அப்படிப் போடலாம். ‘இது ஆல்ட்டோ’ என்று கீழே எழுதிவிட்டுப் போடக்கூடாது.

புகைப்படத்தை அப்படியே ஒற்றியெடுத்தால் அளவு தானாகவே வந்துவிடாதா என்று கேட்பார்கள். வராது, ஏனென்றால் புகைப்படமே அளவைக் கெடுக்கிறது. கைபேசியின் சாதாரண லென்ஸில் முழுக் காரையும் அடக்க 3 மீட்டர் தூரத்தில் நின்றால் போதும். கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது. முக்கால் பக்கத்திலிருந்து, முன் சக்கரத்துக்கு 3 மீட்டரில் நின்று எடுத்தால், பின் சக்கரம் ஏறத்தாழ 1.7 மீட்டர் பின்னால் இருக்கும். 3ஐ 4.7ஆல் வகுத்தால் 0.64, அதாவது பின் சக்கரம் முன் சக்கரத்தில் மூன்றில் இரண்டு பங்குகூட இராது. அதே காரை 10 மீட்டர் தூரத்துக்குப் போய் மூன்று மடங்கு உருப்பெருக்கி எடுத்தால் விகிதம் 0.85 ஆகிவிடும். கண்ணுக்குப் பழக்கமான தோற்றம் அதுதான். மூக்கு பெருத்து வால் சூம்பிய படங்களுக்கெல்லாம் காரணம் கிட்ட நின்றது.

பக்கத் தோற்றத்திலும் இந்தப் பிழை உண்டு, மறைவாக இருக்கும். கூரையின் விளிம்பு சக்கரத்தின் முகத்திலிருந்து ஒரு அடி உள்ளே தள்ளியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியைச் சக்கர அச்சின் உயரத்தில் பிடித்து 3 மீட்டரில் எடுத்தால், கூரை உண்மையைவிடப் பத்துச் சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்து விழும். 10 மீட்டரில் அந்தப் பிழை மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான். அதையும் 82 மில்லிமீட்டர் கணக்கை வைத்துத் திருத்திவிடலாம்.

எடுத்த படம் நேர்ப்பக்கமா, சாய்ந்ததா என்று அறிய ரிம்மைப் பாருங்கள். டயர் பாரத்தால் கீழே சற்று நசுங்கியிருக்கும், ரிம் நசுங்காது. ரிம்மின் அகலமும் உயரமும் சமமாக இருந்து, முன் ரிம்மும் பின் ரிம்மும் ஒரே அளவாக இருந்தால் படம் நேரானது. அகலம் குறைந்தால் நீங்கள் பக்கமாகச் சாய்ந்து நின்றிருக்கிறீர்கள். முக்கால் பக்கத் தோற்றமாக இருந்தால் சக்கரம் நீள்வட்டமாகும். அந்த நீள்வட்டத்தின் நீண்ட அச்சைச் செங்குத்தாக நிறுத்துவதுதான் தொடக்கக்காரரின் அடையாளம். குறுகிய அச்சு வண்டியின் அச்சுக் கம்பி போகும் திசையில் இருக்க வேண்டும், நீண்ட அச்சு அதற்குச் செங்குத்து. கண்மட்டம் சக்கரத்துக்கு மேலே இருந்தால் நீள்வட்டம் சற்றே சாய்ந்துதான் நிற்கும். படமெடுக்கும் முன் ஸ்டியரிங்கை நேராக்கச் சொல்லுங்கள், திரும்பிய முன் சக்கரம் கணக்கைக் குழப்பும்.

இனிக் கோடு. மெல்லிய டிரேசிங் தாளைப் படத்தின் மேல் வைத்து, முதலில் தரைக்கோடு, இரண்டு சக்கரம், பிறகு கூரை உச்சியும் முன் பின் முனைகளும். இவை எல்லாம் கணக்குப்படி வர வேண்டும், படம் ஒத்துவராத இடத்தில் கணக்கை நம்புங்கள். அதன் பிறகு உடற்கோடுகளைத் தோளிலிருந்து ஒரே வீச்சில் போடலாம். வெளிக்கோடு தடிமனாகவும் கதவு, பானட் போன்ற இடைவெளிக் கோடுகள் மெல்லியதாகவும் இருக்கட்டும். சக்கர வளைவுக்குள்ளும் வண்டியின் அடியிலும் கறுப்பை நிரப்பினால் வண்டி தரையில் அமர்ந்துவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பளபளக்கும் கதவில் எதிர்வீட்டுக் கூரையும் மின்கம்பமும் தெரியும். அந்தப் பிம்பத்தின் விளிம்பைத் தகட்டின் மடிப்பு என்று எண்ணிக் கோடு போட்டால், இல்லாத மடிப்பு ஒன்று காரில் வந்துவிடும். ‘ஸ்கெட்ச்’ என்று பெயர் வைத்த கைபேசி வடிகட்டிகள் எல்லாம் இந்தப் பிழையைத் தாராளமாகச் செய்கின்றன, கறுப்பும் வெளுப்பும் சந்திக்கும் இடமெல்லாம் அவற்றுக்கு ஒரே கோடுதான். அறிய எளிய வழி, ஓரடி தள்ளி நின்று இன்னொரு படம் எடுப்பது. மடிப்பு தகட்டில் அதே இடத்தில் நிற்கும், பிம்பம் நகர்ந்துவிடும். சந்தேகம் தீரவில்லையென்றால் கையால் தடவிப் பாருங்கள், வண்டிக்காரர் கோபிக்காவிட்டால்.

மோட்டார் சைக்கிளுக்குக் கணக்கு சுருக்கம். பஜாஜ் பல்சர் 150இன் அச்சிடை 1320 மில்லிமீட்டர், பின் டயர் 100/90–17 என்றால் விட்டம் 612. வகுத்தால் இரண்டு சக்கரத்துக்குச் சற்று மேல். பக்க ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும்போது எடுத்த படம் பயன்படாது. பெற்றோல் தாங்கியும் கைப்பிடியும் ஒரு பக்கம் விலகிவிடும். நடு ஸ்டாண்டில் ஏற்றினாலும் பின் சக்கரம் தரையைவிட்டு எழும்பிவிடும். ஒருவர் பின்னால் நின்று வண்டியை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், பிறகு அவரை விட்டுவிட்டு வரையலாம். வரைந்தபின் பாகங்களைப் பார்க்காதீர்கள், இடைவெளிகளைப் பாருங்கள். எஞ்சினுக்கும் முன் சக்கரத்துக்கும் இடையிலுள்ள வெற்றிடம் புகைப்படத்தில் இருந்த வடிவிலேயே தாளிலும் இருந்தால் சட்டகம் சரியாக விழுந்திருக்கிறது.

எந்தப் பள்ளி சிறந்தது என்று கேட்டால், பழகுபவருக்குத் தூரின் வழியே நல்லது என்பேன். காரணம் நடைமுறையானது. நம் ஊரில் இப்படிப் படம் ஒன்று கடைசியில் கராஜில் டிங்கரிங் செய்பவர் கைக்குத்தான் போகும். அவர் தகட்டை வெட்டுவது மில்லிமீட்டரில். கலிஃபோர்னியக் கவர்ச்சி வேண்டுமானால், அளவான படத்தை முடித்த பிறகு தனித் தாளில் சக்கரத்தைப் பெருக்கி, கூரையை அழுத்திக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே தாளில் கலக்க வேண்டாம்.

வரைந்து அனுப்பும் இளைஞர்களிடம் ஒரே வேண்டுகோள். தாளின் மூலையில் உங்கள் பெயருக்குக் கீழே டயரின் எழுத்தையும், அச்சிடையையும், எத்தனை மீட்டரிலிருந்து படமெடுத்தீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள்.