கேள்வித்தாளே சொல்லிக்கொடுக்கும் விடை

போட்டித் தேர்வுக்கான மாதிரி வினாத்தாள் தொகுப்பு ஒன்றைக் கொஞ்ச நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதிப்பாளர் பெயர் வேண்டாம். சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான தொகுப்புகளிலும் இதே கோளாறு இருக்கிறது. விடைக்குறிப்பில் பெரிய பிழை இல்லை, பாடத்திட்டமும் முழுசாக வந்திருக்கிறது. ஆனால் 100 கேள்விகளையும் ஒரே தாளாக யாரும் உட்கார்ந்து படித்துப் பார்க்கவில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. ஒரு கேள்வியின் விடையை இன்னொரு கேள்வி சொல்லிவிடுகிறது.

ஒரு தாளில் இப்படி வருகிறது:

17. வேலூர் சிப்பாய்க் கலகம் நடந்த ஆண்டு எது? (அ) 1801 (ஆ) 1806 (இ) 1809 (ஈ) 1857

64. 1806-ல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கலகம் செய்ததற்கு உடனடிக் காரணம் எது?

64-க்கு விடை, புதிய தலைப்பாகை பற்றிய உத்தரவு. அது தெரியாதவருக்கும் 17-ன் விடை இப்போது கையில் இருக்கிறது. அதாவது 17-வது கேள்வி வரலாற்றறிவைச் சோதிக்கவில்லை, தாளைத் திருப்பிப் பார்க்க நேரம் இருந்ததா என்பதைத்தான் சோதிக்கிறது. ஒரு மதிப்பெண்ணில் தரவரிசை மாறும் தேர்வில் இது சின்ன விஷயம் இல்லை. ஆண்டை உண்மையிலேயே படித்து வைத்திருந்தவரும், 64-ஐப் பார்த்துவிட்டு 17-க்குத் திரும்பியவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். மெதுவாக எழுதி 64-ஐ எட்டாதவர்தான் பின்தங்குகிறார்.

இது ஏன் கண்ணில் படுவதில்லை? கேள்வி என்றால் அது கேட்கும் விஷயத்தைத்தான் பார்க்கிறோம். ஆனால் ஒவ்வொரு கேள்வியும் ஒன்றைக் கேட்கும்போதே சிலவற்றை அறிவிக்கவும் செய்கிறது. 64 கேட்பது காரணத்தை. அறிவிப்பது மூன்று செய்திகள்: கலகம் நடந்தது, வேலூர்க் கோட்டையில் நடந்தது, 1806-ல் நடந்தது. விருப்ப விடைகளில் வருவதை மாணவர் நம்பமாட்டார், நான்கில் மூன்று பொய் என்று அவருக்குத் தெரியும். கேள்வி வாசகத்தில் வருவதை அப்படியே நம்புவார். அதனால் கசிவு பெரும்பாலும் வாசகத்தில்தான் நடக்கிறது.

இன்னொரு ஜோடி கொஞ்சம் நுட்பமானது. 31-வது கேள்வி: '1920 தேர்தலுக்குப் பின் சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சர் யார்?' விருப்ப விடைகள் சுப்பராயலு ரெட்டியார், பனகல் அரசர், பி. சுப்பராயன், பொப்பிலி அரசர். 78-வது கேள்வி இப்படித் தொடங்குகிறது: 'சுப்பராயலு ரெட்டியாரை அடுத்துப் பதவியேற்ற பனகல் அரசரின் ஆட்சியில்...' இதில் ஆண்டு இல்லை, 'முதல்' என்ற சொல்லும் இல்லை. ஆனாலும் பனகல் அரசர் முதலாமவர் இல்லை என்பது உறுதியாகிவிட்டது. கூடவே, ரெட்டியார் அவருக்கும் முன்னால் இருந்தவர் என்பதும் தெரிந்துவிட்டது. ஒரு விருப்பம் நீங்கினாலே குருட்டு யூகத்தின் வாய்ப்பு 25 சதவீதத்திலிருந்து 33 ஆகிறது. இங்கே அதற்கு மேலேயே போய்விடுகிறது.

இரண்டு ஜோடிக்கும் மருந்து ஒன்றுதான்: கேள்விக்குத் தேவையில்லாத அறிவிப்பை வெட்டுவது. 64-ல் '1806-ல்' என்பதை எடுத்தாலும் கேள்வி முழுசாக நிற்கும். வேலூர்க் கோட்டைச் சிப்பாய்க் கலகம் வேறு எதோடும் குழம்பாது. 78-ல் 'சுப்பராயலு ரெட்டியாரை அடுத்து' என்பதை எடுத்தால் போதும். பனகல் அரசர் ஆட்சி செய்தார் என்பது மட்டும் மிஞ்சும், அது 31-க்கு உதவாது. வெட்டினால் கேள்வியே தெளிவில்லாமல் போகும் என்றால் வெட்டக்கூடாது. அப்போது இரண்டில் ஒன்றை வேறு தாளுக்கு மாற்றுவதுதான் வழி.

கேள்விகளின் வரிசையை மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். காகிதத் தேர்வில் மாணவர் எந்தப் பக்கத்துக்கும் போகலாம் என்பதால் அது உதவாது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? 100 கேள்வி என்றால் 4,950 ஜோடிகள். ஒரு ஜோடியில் எது எதைக் காட்டிக்கொடுக்கிறது என்று இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும், ஆக 9,900 ஒப்பீடுகள். முதல் சல்லடையாக ஒரு சின்ன நிரல் போதும். ஒவ்வொரு கேள்வியின் சரியான விடையும் வேறு கேள்வியின் வாசகத்தில் வருகிறதா என்று தேடினால் சரி. ஆனால் தமிழில் ஒரு சிக்கல் உண்டு. 'வேலூர்' என்ற சரத்தை 'வேலூரில்' என்பதற்குள் தேடினால் கிடைக்காது. புள்ளி இருந்த இடத்தில் உயிர்க்குறி வந்துவிடுகிறது. 'வைக்கம்' என்பதோ 'வைக்கத்தில்' ஆகும்போது மகரத்தையே இழந்துவிடுகிறது. எனவே ஒரு சொல் விடைகளுக்கு இப்படி எழுதலாம்:

```python
def root(w):
    if w.endswith("ம்"):
        return w[:-2]
    return w.rstrip("\u0bcd")

for a in paper:
    for b in paper:
        if a is not b and root(a["key"]) in b["text"]:
            print(a["no"], b["no"])
```

இது 17-64 ஜோடியைப் பிடிக்கும். 'சேலம்' விடையாக இருந்தால் 'சேலை' என்று வரும் கேள்வியையும் பிடித்துத் தரும், அதைக் கையால் தள்ளிவிடலாம். 31-78 ஜோடியிலும் விடை ஒரு பெயர் என்பதால், 'சுப்பராயலு' என்ற முதல் சொல்லை மட்டும் கொடுத்தால் சிக்கும். ஆனால் 78 வெறுமனே 'இரண்டாவதாகப் பதவியேற்ற பனகல் அரசர்' என்று தொடங்கியிருந்தால் நிரலுக்கு ஒன்றும் தெரியாது, விருப்பம் மட்டும் சத்தமில்லாமல் நீங்கியிருக்கும். அதற்கு மனிதர்தான் வேண்டும். 'கேட்பது', 'அறிவிப்பது' என்று இரண்டு பத்தி போட்டு ஒவ்வொரு கேள்வியையும் பிரித்து எழுதி, இரண்டாம் பத்தியை முதல் பத்தியோடு ஒப்பிட வேண்டும்.

தேர்வு முடிந்த பிறகு மதிப்பெண்களை வைத்துப் பார்க்கலாமே என்று கேட்கலாம். வெண்டி யென் 1984-ல் முன்வைத்த க்யூ3 என்ற அளவு இதற்குப் பயன்படுகிறது. மாணவரின் திறமைக்குரிய பங்கைக் கழித்த பிறகும் இரண்டு கேள்விகள் சேர்ந்து சரியாகவும் சேர்ந்து தவறாகவும் போகின்றனவா என்று அது பார்க்கும். ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால்தான் அடுத்ததைப் போடமுடியும் என்ற வகை இதில் நன்றாகச் சிக்கும். நம் ஜோடி தப்பிவிடலாம். 64-க்குத் தவறான விடை எழுதியவரும் அதன் வாசகத்தைப் படித்தவர்தானே! 17-ஐச் சரியாகப் போட அவருக்கு அது போதும். அதனால் இரண்டு விடைகளுக்கும் இடையே தொடர்பு தெரியாமலே போகலாம்.

இந்த வகைக்குப் பொருத்தமான சோதனை வேறு. 17 இருந்து 64 இல்லாத ஒரு தாளை, சமமான இன்னொரு குழுவுக்குக் கொடுக்க வேண்டும். 17-ஐச் சரியாகப் போட்டவர்களின் விகிதம் அங்கே கணிசமாகக் குறைந்தால் கசிவு உறுதி. திரும்பிப் போகமுடியாத கணினித் தேர்வு என்றால், 64 முன்னால் வந்தவர்களையும் பின்னால் வந்தவர்களையும் ஒப்பிட்டாலே போதும்.

வேண்டுமென்றே விடையைச் சொல்வதும் உண்டு. கணக்குத் தாளில் (அ) பகுதி 'மின்தடை 6 ஓம் என நிறுவுக' என்று வந்தால், (அ)வில் தடுமாறியவரும் (ஆ)வைத் தொடரட்டும் என்பதற்காக அப்படிக் கேட்கிறார்கள். அங்கே மதிப்பெண் வழிமுறைக்குத்தான், எண்ணுக்கு இல்லை. இந்தத் தொகுப்பில் நடந்தது அப்படியல்ல. பாடவாரியாகத் தனித்தனியே எழுதிய கேள்விகளை ஒன்றாகக் கொட்டியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. தனியாகப் பார்த்தால் 17-ம் நல்ல கேள்வி, 64-ம் நல்ல கேள்வி. இரண்டும் ஒரே தாளில் வரக்கூடாது என்ற குறிப்பைக் கேள்வி வங்கியிலேயே எழுதி வைக்கவேண்டும். ஆங்கிலத்தில் இதை எதிரிக் கேள்விகள் என்கிறார்கள். தாளைத் தேர்ந்தெடுக்கும் நிரலுக்கு அது ஒரே ஒரு நிபந்தனைதான்:

```
x17 + x64 <= 1
```

அடுத்த பதிப்பில் இந்த ஒரு வரியையாவது சேர்த்தால், 300 பக்கத் தொகுப்பில் ஒரு பக்கம்கூடக் கூடாது.