விலைக்கும் ஓர் அளவுகோல்

கலிபோர்னியாவின் 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து உருவான வீட்டுவிலைத் தரவில் 20,640 பகுதிகள் உண்டு. பகுதிக்கு எட்டு விவரங்கள். வருமானம் பத்தாயிரம் டாலர் அலகில் 15 வரைதான் போகிறது, மக்கள்தொகையோ 35,682 வரை ஏறுகிறது. அப்படியே ஒரு நரம்பியல் வலைக்குக் கொடுத்தால் முதல் அடுக்கில் மக்கள்தொகையின் குரல் மட்டுமே கேட்கும். விலையை அதிகம் சொல்வது வருமானம்தான் என்பது அமுங்கிப்போகும். ஒவ்வொரு நிரலிலும் சராசரியைக் கழித்து திட்டவிலக்கத்தால் வகுப்பதை இதற்காகவே எல்லோரும் செய்கிறார்கள். நான் அதைவிட ரசிப்பது, பலரும் விட்டுவிடும் மறுபாதியை: விலையையும் அப்படியே சுருக்குவதை.

கடைசி நியூரானின் சார்புமதிப்பே விலையின் அளவைக் கற்றுக்கொள்ளாதா என்று கேட்கலாம். கற்கும், ஆனால் மிக மெதுவாக. சராசரி விலை சுமார் 2,07,000 டாலர். கற்றல் வீதம் 0.001 என்றால் ஆடம் முறை ஒரு அடியில் ஒரு எடையை ஏறத்தாழ அவ்வளவுதான் நகர்த்தும். ஆயிரம் அடிக்குப் பிறகும் அந்தச் சார்புமதிப்பு 1-ஐ ஒட்டியே நிற்கும். மற்ற எடைகள் கைகொடுத்தாலும் தூரம் பெரிது. சாதாரணச் சரிவிறக்கத்திலோ பிழை அப்படியே சரிவில் பெருகி, திரையில் `nan` வந்து நிற்கக்கூடும். விலையைச் சுருக்கிவிட்டால் வலை 0-க்கு அருகிலிருந்தே புறப்படுகிறது. விடையை `z * std + mean` என்று டாலருக்குத் திருப்பலாம். இரண்டு எண்களும் பயிற்சித் தரவிலிருந்து மட்டுமே வர வேண்டும். திட்டவிலக்கம் சுமார் 1,15,000 என்பதால், 0.5 பிழை என்பது 57,500 டாலர். ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட விலைகள் 5,00,001 என்றே பதிவான குறையை மட்டும் எந்தச் சுருக்கலும் தீர்க்காது.