ஐந்து மில்லி உப்புநீர்

சேவுகம்பட்டியிலிருந்து காய்ச்சலோடு ஒருவர் வத்தலகுண்டு அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் வென்ஃப்ளான், ஆர்.எல். ஏறிக்கொண்டிருக்கிறது. அடுத்து செஃப்ட்ரியாக்சோன் 1 கிராம் போட வேண்டும். ஆர்.எல்.லில் கால்சியம் இருக்கிறது. இரண்டும் குழாய்க்குள் சந்தித்தால் வெண்படிவு உண்டாகும். அதனால் டிரிப்பை நிறுத்திவிட்டு, 10 மில்லி சிரிஞ்சில் 5 மில்லி நார்மல் சலைன் எடுத்து மெல்லச் செலுத்துகிறோம்.

எனக்குப் பிடித்த நேரம் இதுதான். கண் சிரிஞ்சில் இல்லை; ஊசிமுனைக்கு மேலுள்ள தோலில் இருக்கிறது. அங்கே வீங்குகிறதா, சில்லிடுகிறதா, “எரியுதும்மா” என்கிறாரா? அப்படியானால் ஊசி நரம்பைவிட்டு விலகிவிட்டது, வேறு இடம் பார்க்க வேண்டும். தடை தெரிந்தால் அழுத்தித் தள்ளவே கூடாது.

மருந்தை 2 முதல் 4 நிமிடத்தில் செலுத்தியபின் மறுபடி 5 மில்லி. குழாயில் தங்கிய மருந்து இப்போதுதான் உள்ளே போகிறது. ஆகவே முதல் மில்லி மருந்தின் வேகத்திலேயே போகட்டும். பிறகு விட்டுவிட்டுத் தள்ளுங்கள். இதன் பின்னரே ஆர்.எல்.லைத் திறக்கலாம். பச்சிளங்குழந்தைக்கு இந்த வழி பொருந்தாது: கால்சியம் ஏறும் சிசுவுக்கு செஃப்ட்ரியாக்சோனே கூடாது.