முதல் நாள் செய்தியும் மின்கசிவும்

2024 டிசம்பர் 12-ஆம் நாள் இரவு, திண்டுக்கல் - திருச்சி சாலையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தது. மாடிகளில் நோயாளிகள் இருந்தனர். கீழ்த் தளத்திலிருந்து புகை மேலே பரவியது. மின்தூக்கிக்குள் சிலர் மயங்கிய நிலையில் மீட்கப்பட்டனர். ஒரு குழந்தை உள்பட ஆறு பேர் இறந்தனர்.

அன்றிரவே தொலைக்காட்சியிலும், மறுநாள் காலை நாளேடுகளிலும் செய்தி வந்தது. அதில் இரண்டு விவரங்கள் அன்றிரவு யாருக்கும் உறுதியாகத் தெரியாதவை. ஒன்று, இறந்தவர் எண்ணிக்கை. மற்றொன்று, தீயின் காரணம். இவ்விரண்டையும் செய்திகள் எப்படிக் கையாண்டன என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், தெரியாததை எழுதுவது எப்படி என்ற பாடம் கிடைக்கிறது.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். தீப்பிடித்து ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் மாவட்ட ஆட்சியர் நிருபர்களிடம் பேசினார். ஆறு அல்லது ஏழு பேர் இறந்திருக்கலாம் என்ற அச்சம் உள்ளது, ஆனால் மருத்துவர்கள் உறுதி செய்த பிறகே விவரம் வெளியிடப்படும் என்பது அவர் சொன்னதன் சாரம். இந்தக் கூற்றில் மூன்று செய்திகள் அடங்கியிருக்கின்றன: எது வரை தெரியும், எது தெரியாது, தெரியாததை உறுதி செய்ய வேண்டியவர் யார். மயங்கிக் கிடப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை மருத்துவரே பரிசோதித்துச் சொல்ல வேண்டும். ஆகவே அந்த இரண்டு மணி நேரத்தில் 'ஆறு அல்லது ஏழு' என்பதே சரியான விடை. ஆனால் சில செய்திகள் 'ஆறு' என்றும், சில 'ஏழு' என்றும் ஒற்றை எண்ணாகத் தலைப்பிட்டன. ஆட்சியர் வைத்திருந்த இடைவெளியைத் தலைப்பு எழுதியவர்கள் அழித்துவிட்டார்கள்.

ஆனாலும் எண்ணிக்கைத் தவறு நீடிப்பதில்லை. மறுநாளே மருத்துவமனைப் பதிவேடு அதைத் திருத்திவிடும். காரணத்தின் கதை அப்படியன்று.

ஒரு சொல்லில் மூன்று காரணங்கள்

இந்தத் தீக்கு மின்சாரக் கோளாறே காரணமாக இருக்கலாம் என்று முதல் செய்திகளிலேயே வந்துவிட்டது. தமிழ்ச் செய்திகளில் இதற்கென்று ஒரு நிலைத்த தொடரே உண்டு: 'மின்கசிவு காரணமாகத் தீ ஏற்பட்டதாகக் கூறப்படுகிறது.' குடிசை எரிந்தாலும், நூற்பாலைப் பஞ்சுக் கிடங்கு எரிந்தாலும் இதே வாக்கியந்தான்.

மின்கசிவு என்பது உண்மையில் என்ன? செல்லவேண்டிய கம்பியை விட்டு, ஈரச் சுவர் வழியாகவோ கருவியின் உலோக உறை வழியாகவோ சிறிதளவு மின்னோட்டம் நிலத்துக்குப் போவதே மின்கசிவு. 230 வோல்ட்டில் 0.3 ஆம்பியர் கசிந்தால் 69 வாட் வெப்பம் உண்டாகும். அது ஓரிடத்தில் குவிந்தால் தீ மூட்டலாம். இதைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிப்பது ஆர்.சி.சி.பி. என்னும் கருவி.

செய்தியாளர் பெரும்பாலும் மனத்தில் வைத்திருப்பது வேறொன்று. அது குறுக்குச்சுற்று, அதாவது ஷார்ட் சர்க்யூட். மின்கம்பியும் நியூட்ரல் கம்பியும் நேரடியாகத் தொட்டுக்கொள்வது அது. வழியிலுள்ள தடை அரை ஓம் என்றால் 460 ஆம்பியர் பாயும். ஃபியூஸ் அல்லது எம்.சி.பி. நல்ல நிலையில் இருந்தால் நொடிக்கும் குறைவான நேரத்தில் துண்டித்துவிடும்.

மூன்றாவது காரணம் தளர்ந்த இணைப்பு. பிளக்கிலோ சுவிட்சிலோ திருகு தளர்ந்து, அந்த இடத்தில் மட்டும் அரை ஓம் தடை ஏற்பட்டதாகக் கொள்வோம். 10 ஆம்பியர் பாயும்போது அங்கே 50 வாட் வெப்பம் பிறக்கிறது. வானொலி பழுதுபார்ப்பவரின் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். இங்கே மின்னோட்டம் கூடவே இல்லை. நிலத்துக்குக் கசியவும் இல்லை. ஆகவே எம்.சி.பி.யும் அறியாது, ஆர்.சி.சி.பி.யும் அறியாது. திருகை முடுக்குவதே தீர்வு.

மூன்றுக்கும் தீர்வு வெவ்வேறு. மூன்றையும் 'மின்கசிவு' என்றே எழுதினால், படிப்பவர் ஆர்.சி.சி.பி. ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு, கருகிய பிளக்கை அப்படியே விட்டுவிடுவார்.

செம்பு மணி சொல்லாத சாட்சி

எரிந்த இடத்தில் உருகிய கம்பியைப் பார்த்தோமே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. தீ வேறெதனால் பிடித்திருந்தாலும், சுவரிலுள்ள கம்பிகளை அது எட்டும்போது பி.வி.சி. உறை இளகிக் கரிந்துவிடும். மின்சாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் கம்பிகள் அப்போது தொட்டுக்கொள்ளும். மின்பொறி பறக்கும், 1,084 டிகிரி செல்சியஸில் உருகும் செம்பு அந்த இடத்தில் சிறு மணியாகத் திரளும். ஆக, குறுக்குச்சுற்று தீயின் தாயாகவும் இருக்கலாம், பிள்ளையாகவும் இருக்கலாம். தீ வந்தபோது அந்தக் கம்பியில் மின்சாரம் இருந்தது என்பதற்கு மட்டுமே மணி சாட்சி. அதை மட்டும் வைத்து எது முந்தியது என்று சொல்ல முடியாது.

வல்லுநர்கள் அதனால்தான் தீ தொடங்கிய இடத்தை முதலில் தேடுகிறார்கள். சுவரில் கரி படிந்த வடிவம், எந்தப் பக்கம் ஆழமாக எரிந்துள்ளது, எந்த எம்.சி.பி. விழுந்திருக்கிறது, முதலில் புகையைக் கண்டவர் எங்கே நின்றார் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். இடம் ஆறி, நீர் வடிந்து, பகல் வெளிச்சம் வந்த பிறகே இவ்வேலை தொடங்கும். தீயணைப்புக் குழாய் சுருட்டப்படும் முன் அச்சேறும் செய்திக்கு இது எதுவும் கிடைத்திராது.

திண்டுக்கல் தீக்கு மின்சாரம் காரணமன்று என்று நான் சொல்லவில்லை. அந்த ஊகம் சரியாகவும் இருக்கலாம். அன்றிரவு அது ஊகமே என்பதுதான் என் வாதம்.

கூறியவர் யார்?

'கூறப்படுகிறது' என்று போட்டோமே, அதுவே ஐயத்தைக் காட்டவில்லையா என்று செய்தியாளர் கேட்பார். அந்தச் சொல்லில் கூறியவர் இல்லை. தீயணைப்பு அதிகாரி கூறினாரா, எதிர்க்கடைக்காரர் கூறினாரா, மற்றொரு செய்தியாளர் கூறினாரா? மூன்றின் எடையும் ஒன்றன்று. ஆளற்ற வினை ஐயத்தை அறிவிப்பதில்லை, பொறுப்பைத்தான் மறைக்கிறது. அடுத்த நாள் மற்றவர்கள் எடுத்து எழுதும்போது 'கூறப்படுகிறது' உதிர்ந்துபோய், 'மின்கசிவால் நேர்ந்த தீ' என்பது மட்டும் நிலைத்துவிடுகிறது.

அதற்கு மாறாக இப்படி எழுதியிருக்கலாம்: 'தீயின் காரணம் இச்செய்தி எழுதும் நேரம் வரை தெரியவில்லை. மின்சாரக் கோளாறாக இருக்கலாம் என்று மீட்புப் பணியிலிருந்த ஓர் அதிகாரி கருதுகிறார். கட்டடம் இன்னும் ஆய்வு செய்யப்படவில்லை. தீ கீழ்த் தளத்தில் தொடங்கியதைக் கண்டதாக இருவர் கூறினர். இறந்தோர் எண்ணிக்கையை மருத்துவர்கள் உறுதி செய்யவேண்டும்.'

இதில் ஊகத்தை மறைக்கவில்லை. அதன் உரிமையாளரையும் சொல்லியாயிற்று. ஆய்வு நடக்கவில்லை என்ற ஒரு வாக்கியம் மிக முக்கியம். அதைப் படித்தவர், 'ஆய்வு நடந்ததா? முடிவு என்ன?' என்று பின்னர் கேட்பார். 'மின்கசிவு' என்று படித்தவர் கேட்கமாட்டார். விடை கிடைத்துவிட்டதென்று நினைத்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். மின்தூக்கிக்குள் புகை எப்படிப் புகுந்தது, அந்த நேரத்தில் அதில் ஏறலாகாது என்று சொல்ல ஆள் இருந்ததா என்ற கேள்விகளும் அதோடு அடங்கிவிடும்.