ஒருவழிப் படிகள்: பாகுத் தொட்டியில் எஸ்.எஃப்.சி.

குளிர்பான ஆலைக்குச் சர்க்கரைப் பாகு தயாரிக்கும் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 1,000 லிட்டர். சுவரைச் சுற்றி நீராவி ஓடும் ஜாக்கெட், மேலே மோட்டாரில் சுழலும் கலக்கி. முதலில் 400 லிட்டர் தண்ணீர் இறங்க வேண்டும். பிறகு கலக்கி ஓடிக்கொண்டிருக்க, ஆபரேட்டர் 50 கிலோ மூட்டைகள் 12-ஐக் கொட்டி, முடிந்ததும் ஒரு பொத்தானை அழுத்துவார். 600 கிலோ சர்க்கரை கரைந்த பின் தொட்டியில் ஏறக்குறைய 775 லிட்டர் பாகு நிற்கும். அதை 85 டிகிரிக்குச் சூடாக்கி வடித்துவிட்டால் ஒரு பேட்ச் முடிந்தது.

ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் இப்படிப்பட்ட வேலைக்கென்றே உருவானது எஸ்.எஃப்.சி. எனப்படும் வரிசைச் செயல் வரைபடம். அதன் மூலம் பிரான்சில் 1977-இல் வடிவம் பெற்ற கிராஃப்செட். கிராஃப்செட்டின் பின்னால் கார்ல் ஆடம் பெட்ரி 1962-இல் தன் முனைவர் ஆய்வேட்டில் முன்வைத்த வலைக் கோட்பாடு இருக்கிறது. 1993-இல் வந்த பி.எல்.சி. மொழிகளுக்கான பன்னாட்டுத் தரம், இன்று ஐ.இ.சி. 61131-3 என்று வழங்குவது, எஸ்.எஃப்.சி.யைத் தனக்குள் சேர்த்துக்கொண்டது. பெட்டி ஒவ்வொன்றும் ஒரு படி. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே உள்ள குறுக்குக்கோடு, அடுத்த படிக்குப் போவதற்கான நிபந்தனை. நம் தொட்டியின் வரைபடத்தை எழுத்தில் சுருக்கினால் இப்படி வரும்:

```
INITIAL_STEP S0_IDLE: END_STEP
STEP S1_FILL:  V_IN(N);               END_STEP
STEP S2_MIX:   AGIT(S);               END_STEP
STEP S3_HEAT:  HEAT_CTL(N);           END_STEP
STEP S4_DRAIN: V_OUT(N);              END_STEP
STEP S5_EMPTY: V_OUT(N); AGIT(R);     END_STEP

TRANSITION FROM S1_FILL TO S2_MIX := LT101 >= 400.0;
END_TRANSITION
```

வடிப்பு இரண்டு படிகளாகப் பிரிந்திருப்பதற்குக் காரணம் உண்டு. பாகு கலக்கியின் இறக்கைகளுக்குக் கீழே இறங்கும்போது மோட்டார் நின்றிருக்க வேண்டும். திரவத்தின் பிடிப்பு இல்லாமல் சுழலும் நீண்ட தண்டு உதறும், சீல் கெடும்.

இந்த வரைபடத்தின் பலத்தை உணர, இதையே லேடரில் எழுதிப் பார்க்க வேண்டும். 400 லிட்டருக்குக் கீழே இருந்தால் நிரப்பு வால்வைத் திற என்று அங்கே ஒரு வரி எழுதினால், கலக்கி ஓடும்போது மட்டமானி 398-க்கும் 402-க்கும் நடுவே ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வால்வு திறந்து மூடும். வடிக்கும்போது மட்டம் இறங்கினால் மறுபடியும் தண்ணீர் விடும். இதைத் தடுக்க, நிரப்பல் முடிந்துவிட்டது என்பதை ஒரு பிட்டில் பூட்டி வைக்கிறோம். அந்தப் பூட்டை எப்போது விடுவிப்பது என்று இன்னொரு வரி. ஐந்து வேலைகளுக்கு இப்படிப் பூட்டும் திறப்பும் எழுதி முடிக்கையில், எது எதைத் தடுக்கிறது என்பது எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும். எஸ்.எஃப்.சி.யில் நினைவு படியிலேயே இருக்கிறது. S1_FILL-ஐத் தாண்டிவிட்டால் மட்டமானி LT101 எப்படி ஆடினாலும் நிரப்பு வால்வுக்குக் கவலையில்லை. அந்தக் கோட்டை இனி யாரும் பார்ப்பதே இல்லை.

இரவு ஷிப்டில் இதன் அருமை தெரியும். பேட்ச் நின்றுவிட்டது என்று எலக்ட்ரீஷியனை எழுப்புகிறார்கள். திரையில் S1_FILL நிறம் மாறி எரிகிறது. கீழே உள்ள நிபந்தனை 400-ஐக் கேட்கிறது. LT101 காட்டுவது 312. இனித் தேட வேண்டியது இரண்டே இடங்களில்தான்: தண்ணீர் வரவில்லை, அல்லது மட்டமானி பொய் சொல்கிறது. நிரலை எழுதியவரைத் தொலைபேசியில் பிடிக்கத் தேவையில்லை. இது ஒன்றுக்காகவே எஸ்.எஃப்.சி.யை ஏற்றுக்கொள்ளலாம் என்பேன்.

ஆனால் திரும்பிப் பார்க்காத அதே குணம்தான் முதல் பலவீனமும். மட்டமானியின் கம்பியில் ஒரு கணம் மின்னிரைச்சல் ஏறி, 250 லிட்டரில் இருக்கும்போது ஒரே ஒரு ஸ்கேனுக்கு 410 என்று காட்டிவிட்டால் போதும். படி கடந்துவிடும், வால்வு மூடிவிடும், வரைபடம் சர்க்கரையைக் கேட்கும். பூட்டு இல்லாத லேடர் வரியில் அந்த வால்வு சில மில்லி நொடி படபடத்துவிட்டு நிரப்பலைத் தொடர்ந்திருக்கும். இங்கே 250 லிட்டர் தண்ணீரில் 600 கிலோ சர்க்கரை விழும். சூடாக்கும் முன் அது முழுக்கக் கரையாது. எனவே ஒவ்வொரு அளவீட்டு நிபந்தனையும் இரண்டு மூன்று நொடி தொடர்ந்து உண்மையாக இருந்த பிறகே ஏற்கப்பட வேண்டும். இதைப் பல பாடப்புத்தகப் படங்கள் காட்டுவதில்லை. காட்டினால் படத்தின் எளிமை கெடும் என்று நினைக்கிறார்கள் போலும்.

அடுத்தது N, S என்ற எழுத்துகள். N என்று குறித்த செயல் அந்தப் படி உயிரோடு இருக்கும்வரை மட்டும் நடக்கும். S என்றால், எங்காவது R வரும்வரை நடந்துகொண்டே இருக்கும். கலக்கி மூன்று படிகளுக்கு ஓட வேண்டியிருப்பதால் S2_MIX-இல் S, S5_EMPTY-இல் R என்று எழுதுவது சிக்கனமாகத் தெரிகிறது. ஆறு மாதம் கழித்து ஒருவர் நல்ல எண்ணத்தோடு ஒரு கிளை சேர்க்கிறார்: வெப்பமானி பழுதானால் S3_HEAT-இலிருந்து நேராக S0_IDLE-க்குப் போ. அந்த வழி S5_EMPTY-ஐத் தொடுவதில்லை. R நடக்கவே இல்லை. திரையில் S0_IDLE எரிகிறது, அதன் பக்கத்தில் எந்தச் செயலும் எழுதப்படவில்லை, கலக்கியோ சுழன்றுகொண்டிருக்கிறது. ஆபரேட்டர் அடிவால்வைக் கையால் திறந்து பாகை வடித்துவிட்டால், காலித் தொட்டியில் தண்டு உதறத் தொடங்கும். எரியும் படியைப் பார்த்தால் எல்லாம் தெரியும் என்ற வாக்குறுதிதான் இந்த மொழியின் மூலதனம். S அதை முறிக்கிறது.

S2_MIX, S3_HEAT, S4_DRAIN மூன்றிலும் AGIT(N) என்று திரும்பத் திரும்ப எழுதுவதே நல்லது. படி மாறும்போது மோட்டார் ஒரு கணம் நின்று ஓடுமோ என்று சிலர் தயங்குவார்கள். தரத்தின்படி ஒரு செயலுக்கு எத்தனை படிகளிலிருந்து N வந்தாலும் அவை ஒன்றாகச் சேர்த்தே கணிக்கப்படும், இடைவெளி விழாது. S5_EMPTY-இல் AGIT எழுதப்படவில்லை என்பதே அது நிற்பதற்குப் போதுமான காரணமாகிவிடும். எந்தக் கிளை எங்கே தாவினாலும் கலக்கி தானாக நிற்கும்.

நீராவியில் இந்தச் சிக்கல் இன்னும் நுட்பமானது. V_IN போன்ற திற-மூடு வால்வு, படி முடிந்ததும் பூஜ்யமாகிவிடும். ஆனால் நீராவி வால்வு TV101 சதவீதத்தில் திறப்பது. HEAT_CTL என்ற செயலுக்குள் TV101 := PID_OUT என்று எழுதியிருந்தால், படி முடிந்தவுடன் அந்த வரி ஓடுவது நின்றுவிடும். TV101-இல் கடைசியாக எழுதப்பட்ட மதிப்பு, 40 சதவீதமென்றால் 40 சதவீதம், அப்படியே நிற்கும். பாகு வடிந்துகொண்டிருக்கும்போது ஜாக்கெட்டில் நீராவி ஓடும். சுவரில் ஒட்டிய மெல்லிய படலம் கருகும். அடுத்த பேட்ச் பழுப்பாக வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் இது.

தரம் இதை யோசிக்காமல் இல்லை. படி முடிந்த பிறகு செயலை இன்னும் ஒரே ஒருமுறை ஓட்டும் இறுதி ஸ்கேன் என்ற ஏற்பாடு உண்டு. அந்த ஒரு ஓட்டத்தில் வால்வை மூடிவிடலாம். ஆனால் பிந்தைய பதிப்பு, இறுதி ஸ்கேன் உள்ள வகை, இல்லாத வகை இரண்டையும் அனுமதித்தது. ராக்வெல்லின் கட்டுப்படுத்திகளில் இது நிரலர் தேர்ந்தெடுக்கும் ஓர் அமைப்பு. அதாவது ஒரே வரைபடம், இரண்டு கட்டுப்படுத்திகளில் இரண்டு விதமாக முடியலாம். வித்தியாசம் படத்தில் எங்கும் தெரியாது. வரைபட மொழி ஒன்றுக்கு இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது என்பது என் கருத்து. தப்பிக்கும் வழி எளியது: வால்வை வரைபடத்துக்கு வெளியே, ஒவ்வொரு ஸ்கேனும் ஓடும் இடத்தில் வைத்துவிடுவது.

```
IF S3_HEAT.X AND LT101 > 300.0 AND NOT TRIP THEN
    TV101 := PID_OUT;
ELSE
    TV101 := 0.0;
END_IF;
```

S3_HEAT.X என்பது அந்தப் படி உயிரோடு இருக்கிறதா என்று சொல்லும் கொடி. வரைபடம் தன் விருப்பத்தை மட்டும் சொல்கிறது. மட்டம் போதுமா, ஏதாவது பழுதா என்பதைப் பார்த்து முடிவெடுப்பது இந்த வரிகள். கலக்கிக்கும் இரண்டு வால்வுகளுக்கும் இதேபோல எழுதிவிட்டால் மேலே சொன்ன விபத்துகள் பெரும்பாலும் நடக்காது.

இவ்வளவு செய்தும் தீராதது நிறுத்தி வைத்தல். பாய்லர் அழுத்தம் விழுந்தால் 85 டிகிரி வரவே வராது. வரைபடம் S3_HEAT-இல் சத்தமில்லாமல் காத்திருக்கும். அதற்குக் காத்திருத்தலும் கெட்டுப்போதலும் ஒன்றுதான். S3_HEAT.T என்ற படிக்கடிகாரம் 40 நிமிடத்தைத் தாண்டினால் அலாரம் அடிக்கச் செய்யலாம். அலாரத்துக்குப் பிறகு? ஐந்து வேலைப் படிகளிலிருந்தும் நிறுத்தி வை, முடித்துக்கொள், கைவிடு என்று மூன்று கிளைகள் வரைந்தால் ஆறு கோடுகள் இருந்த படத்தில் புதிதாக 15 கோடுகள் சேரும். பேட்ச் ஒழுங்காக ஓடும் வழி அந்தக் காட்டில் தொலைந்துபோகும்.

விசித்திரம் என்னவென்றால், தாய்மொழியான கிராஃப்செட்டில் இதற்குக் கருவி இருக்கிறது. அதன் 2002-ஆம் ஆண்டுத் தரமான ஐ.இ.சி. 60848-இல், மேலே உள்ள ஒரு வரைபடம் கீழே உள்ள வரைபடத்தைக் குறிப்பிட்ட படிக்குக் கட்டாயமாக நகர்த்தும் ஆணை உண்டு. 61131-3 அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியைக் கண்டுபிடித்தது. கோடெஸிஸில் SFCPause, SFCReset என்ற மாறிகள் உள்ளன. முதலாவது வரைபடத்தை உறைய வைக்கும். அதனால் திறந்திருந்த வால்வு மூடிவிடும் என்று பொருளில்லை. பேட்ச் ஆலைகளுக்கென 1995-இல் வந்த ஐ.எஸ்.ஏ. 88 தரம் வேறு திசையில் போனது. ஓடுவதற்கு ஒன்று, நிறுத்தி வைப்பதற்கு ஒன்று, கைவிடுவதற்கு ஒன்று என்று தர்க்கத்தைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டது. ஒவ்வொன்றும் சிறிய எஸ்.எஃப்.சி.யாக இருக்கலாம். நம்முடைய ஒற்றைத் தொட்டிக்கு அது கொஞ்சம் கனமான ஏற்பாடுதான். நான்கைந்து தொட்டிகள் ஒரே நீராவிக் குழாயைப் பங்கிட்டுக்கொள்ளும் ஆலையில் வேறு வழியில்லை.

மின்சாரம் போய் வந்த பிறகு எந்தப் படியில் எழுவது என்பதையும் வரைபடம் சொல்லாது. படியின் நிலையை நினைவில் வைக்கும்படி அமைத்திருந்தால் S3_HEAT-இலேயே கண் விழிக்கும். நடுவில் யாராவது கையால் வடித்திருந்தால் அது தெரியாமலே சூடாக்க முனையும். வைக்காவிட்டால் S0_IDLE. தொட்டியில் 775 லிட்டர் பாகு அப்படியே இருக்க, ஆபரேட்டர் தொடக்கப் பொத்தானை அழுத்துகிறார். S1_FILL எழுகிறது. மட்டம் ஏற்கெனவே 400-ஐத் தாண்டியிருப்பதால் அடுத்த கணமே S2_MIX. திரை 12 மூட்டைச் சர்க்கரையைக் கேட்கிறது. ஷிப்ட் மாறி வந்தவராக இருந்தால் அவர் கொட்டியும் விடுவார். S0_IDLE-க்குக் கீழே உள்ள கோட்டில், தொடக்கப் பொத்தானோடு LT101 < 10.0 என்பதையும் சேர்த்து எழுதியிருந்தால் வரைபடம் அங்கேயே நின்றிருக்கும். உள்ளே இருக்கும் பாகைத் தொடர்ந்து சூடாக்குவதா வடித்துக் கொட்டுவதா என்பதை, பேட்ச் பதிவேட்டைப் பார்த்து ஷிப்ட் பொறுப்பாளர்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.