பக்கத்து வீட்டு நெய்

தீபாவளிக்கு ஒரு பால் பண்ணை வெளியிட்ட விளம்பரம் குட்டிக் கதையாகவே இருந்தது. சரோஜா மைசூர்பாகு கொடுக்கிறார். பக்கத்து வீட்டு பாத்திமா வெறும் டப்பாவைத் திருப்பித் தராமல் பால்கோவா வைத்துத் தருகிறார்.

"அக்கா, எனக்கு மட்டும் ஏன் கல்லாகுது?"

"பாகு கம்பிப் பதம் வந்ததும் கடலைமாவைப் போடு. நெய்யைச் சூடா, கொஞ்சம் கொஞ்சமா ஊத்து. நுரைச்சுப் பொங்கினதும் இறக்கிடு. தாமதிச்சா இறுகிடும்."

இந்த இடம்தான் அருமை. நெய்யைப் புகழவில்லை, அதன் வேலையைக் காட்டிவிட்டார்கள். சூடான நெய்தான் மாவைப் பொங்கவைத்துத் துளைதுளையாக்குகிறது.

பண்ணையின் பெயர் கடைசி வரியில், சலுகையோடு வருகிறது: 500 மில்லி நெய்க்கு 100 கிராம் பால்கோவா இலவசம், தீபாவளி வரை. மைசூர்பாகுக்கான நெய்யும் பதிலுக்கு வந்த பால்கோவாவும் அதற்குள் இருப்பதால், சலுகையும் கதையின் வரியாகவே அமைகிறது.